ஆறு பேரே முழு வகுப்பு

எண்பதுகளின் கடைசியில், கோலா கெத்தில் ஊரைத் தாண்டி உள்ளே போகும் ஒரு ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நான் தற்காலிக ஆசிரியையாக இருந்தேன். ஆறாம் வகுப்பு என் பொறுப்பு. அதில் ஆறு பேர் படித்தார்கள். நான்கு பையன்கள், இரண்டு பெண்கள்.

என் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் படித்ததில்லை. அப்பா சம்பளத்துக்குக் கைநாட்டு வைத்தவர். அம்மாவுக்கு மணி பார்க்கத் தெரியும், அவ்வளவுதான். நான் சுங்கை பட்டாணியில் ஆறாம் படிவம், அதாவது பல்கலைக்கழகத்துக்கு முந்தின வகுப்பு வரை படித்தேன். கணக்கும் புள்ளியியலும் மலாய் மொழியில் படித்தேன், நன்றாகத் தேறினேன். தோட்டத்தில் எனக்குத் தலைக்கனம் என்று பேர். தண்ணீர்க் குழாயடியில் என் காதில் விழும்படியே, "அது மேல படிச்ச புள்ள, கீழ பாத்து நடக்காது" என்பார்கள். அது பொய்யில்லை. எனக்குத் தெரிந்ததைப் பற்றி எனக்குக் கர்வம் இருந்தது. தெரிந்ததைச் சரியாகச் சொல்லிவிட்டால் உலகம் வழிவிடும் என்று நம்பியிருந்தேன்.

அந்த இரண்டு பெண்களில் ஒருத்தியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அவள் கணக்கைச் சீக்கிரம் முடித்துவிடுவாள். முடித்ததும் சும்மா இருக்க மாட்டாள். பக்கத்துப் பையனின் கணக்கையும் உதட்டுக்குள் போட்டுப் பார்ப்பாள். அவன் தப்பாக எழுதினால் இவள் முகம் சுருங்கும். ஆனால் வாய் திறந்து சொல்ல மாட்டாள். அவளுக்கு அப்பா இல்லை. அம்மா பால்மரம் வெட்டினார், ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் வேலை. தோட்டத்திலிருந்து பெரிய ரோட்டுக்கு நான்கு மைல். இடைநிலைப்பள்ளிக்கு பஸ் பிடிக்க வேண்டுமானால் விடியுமுன் ரப்பர் மர நிரைகளுக்குள் நடக்க வேண்டும். பையன்கள் சைக்கிளில் போனார்கள். பெண்பிள்ளைகளை யாரும் அனுப்பவில்லை. ஆறாம் வகுப்போடு நின்றுவிடுவார்கள். மறு ஜனவரியில் அம்மாவின் பின்னால், மரத்திலும் கோப்பையிலும் உறைந்து ஒட்டிய ஒட்டுப்பால் பொறுக்கப் போவார்கள்.

இருந்த ஒரே வழி, சுங்கை பட்டாணியில் ஒரு நலக்குழு நடத்திய பெண்கள் விடுதி. தோட்டத்துப் பெண்பிள்ளைகள் சிலரை வருடாவருடம் சேர்த்துக்கொண்டு, இடைநிலைப்பள்ளியின் முதல் வருடமான புகுமுக வகுப்பிலிருந்து ஐந்தாம் படிவம் வரை தங்கவைத்துப் படிக்கவைப்பார்கள். செலவு அவர்களுடையது.

யாரைச் சேர்ப்பது என்பதற்கு அவர்கள் ஒரு விதி வைத்திருந்தார்கள். ஒரு பள்ளியில் தாராளமாக மார்க் போடுவார்கள், இன்னொன்றில் இறுக்கிப் பிடிப்பார்கள். அதனால் வெறும் மார்க்கை ஒப்பிடுவது நியாயமில்லை. ஒவ்வொரு பிள்ளையும் தன் வகுப்பிலேயே மற்றவர்களிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறாள் என்று பார்த்தார்கள். வகுப்பின் சராசரிக்கு மேலே இரண்டு திட்டவிலக்கம் அல்லது அதற்கும் கூடுதலாக இருந்தால் இடம் உண்டு. திட்டவிலக்கம் என்பது, வகுப்பில் மார்க்குகள் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு விலகிச் சிதறிக் கிடக்கின்றன என்று சொல்லும் ஓர் எண். நல்ல விதி என்றுதான் நானும் நினைத்தேன். யாருடைய சிபாரிசும் தேவையில்லாத விதி.

வருடக் கடைசித் தேர்வில் என் வகுப்பு எடுத்த மார்க்குகள் நாற்பது, நாற்பத்திரண்டு, நாற்பத்தாறு, ஐம்பது, ஐம்பத்திரண்டு. அவள் எண்பத்திரண்டு. சராசரி ஐம்பத்திரண்டு. மார்க்குகளை அனுப்புவதற்கு முன்பே நான் கையால் கணக்கிட்டுப் பார்த்தேன். ஒவ்வொருவரும் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறார் என்று எடுத்து, அதை வர்க்கப்படுத்தி, எல்லாவற்றையும் கூட்டி, ஆறால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தேன். பதினான்கு சொச்சம். அதன் இரு மடங்கைச் சராசரியோடு கூட்டினால் எண்பது புள்ளி ஒன்று. அவளுக்கு எண்பத்திரண்டு. தலைமையாசிரியரிடம் காட்டினேன். அவர் தேத்தண்ணிக் கடையில் அவள் அம்மாவைப் பார்த்தபோது, "ஒம் மக பெட்டி கட்டலாம்" என்று சொல்லிவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து அவரே என் வகுப்பு வாசலில் வந்து நின்றார். விடுதியிலிருந்து டெலிபோன் வந்ததாம். நம் பள்ளியிலிருந்து யாருமில்லையாம். அவளுக்கு ஒரு மார்க்குக்கும் குறைவான வித்தியாசத்தில் போய்விட்டதாம். அவர் அதை மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் ஆறு பேர் வகுப்பில் எதுவும் யாருக்கும் கேட்காமல் போகாது.

அந்தச் சனிக்கிழமை பஸ் ஏறினேன். குழுவின் அலுவலகம் சுங்கை பட்டாணியில் பாக்கார் ஆராங் பகுதியில் ஒரு வரிசை வீட்டின் முன்னறை. அதன் செயலாளர் தனியார் கல்லூரி ஒன்றில் புள்ளியியல் சொல்லிக்கொடுத்த இளைஞர். சனி ஞாயிறுகளில் சம்பளமில்லாமல் விடுதி வேலையைப் பார்த்தார். யாரோ நன்கொடையாகக் கொடுத்த கம்ப்யூட்டர் ஒன்றை வைத்துக்கொண்டு, எல்லாப் பள்ளிகளின் மார்க்குகளையும் விரிதாளில் போட்டிருந்தார். நல்ல மனிதர். நான் வந்த காரணத்தைச் சொன்னதும் எழுந்து எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார்.

என் வகுப்பைத் திரையில் கொண்டுவந்தார். ஆறு எண்கள், கீழே சராசரி, அதற்குக் கீழே திட்டவிலக்கம் பதினைந்து புள்ளி மூன்று ஒன்பது, கடைசியில் தேவைப்பட்ட மார்க் எண்பத்திரண்டு புள்ளி ஏழு எட்டு. மார்க்குகளில் தப்பில்லை. சராசரியும் சரி. எனக்குப் பதினான்கு, அவருக்குப் பதினைந்து. எங்கே வித்தியாசம் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

"சார், நீங்க அஞ்சால வகுத்திருக்கீங்க" என்றேன்.

அவர் சிரித்தார். "நான் எங்க வகுத்தேன் டீச்சர், கம்ப்யூட்டர்தான் வகுத்துச்சு."

அந்த விரிதாளில் திட்டவிலக்கத்துக்கு இரண்டு கட்டளைகள் இருந்தன. பேரில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். ஒன்று, இருக்கும் எண்ணிக்கையாலேயே வகுக்கும். முழுக் கூட்டமும், மலாயில் போபுலாசி, கையில் இருக்கும்போது அதுதான். மற்றது ஒன்று குறைத்து வகுக்கும். பெரிய கூட்டத்திலிருந்து சிலரை மட்டும் பொறுக்கி எடுத்து, மலாயில் சம்பெல் என்ற அந்தச் சிலரை வைத்து அந்தப் பெரிய கூட்டத்தின் சிதறலை ஊகிக்கும்போது அது. பொறுக்கியவர்கள் தங்கள் சொந்தச் சராசரியைச் சுற்றிக் கொஞ்சம் நெருங்கியே நிற்பார்கள். அதனால் கணக்கு சிறுத்துவிடும். அதை ஈடுகட்டத்தான் அந்த ஒன்று குறைப்பது. செயலாளர் எல்லா வகுப்புக்கும் இரண்டாவதைப் போட்டிருந்தார்.

"முப்பதுக்குக் கீழ இருந்தா ஒண்ணு கொறைக்கணும் டீச்சர். நான் காலேஜ்ல தெனம் சொல்ற பாடம் அது."

"அது சம்பெலுக்கு சார். இது சம்பெலா? எங்க ஆறாவதுல மொத்தமே ஆறு பேர்தான் லா. நான் யாரையும் பொறுக்கல. வெளிய வேற யாரும் நிக்கல."

"ஆறு பேர வச்சுகிட்டு போபுலாசின்னு சொன்னா சிரிப்பாங்க."

"உங்க வீட்ல எத்தன பேரு சார்?"

"மூணு."

"அப்ப அது குடும்பம் இல்லியா? குடும்பத்தோட சம்பெலா?"

அவர் மறுபடி சிரித்தார், ஆனால் இந்த முறை யோசித்துக்கொண்டே. அலமாரியிலிருந்து விரிதாளின் கையேட்டை எடுத்துப் புரட்டினார். பிறகு தன் கல்லூரிப் புத்தகத்தை எடுத்தார். அவர் படிப்பதைப் பார்க்கும்போது எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். பட்டதாரி ஒருவர் என் கணக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் கட்டளையை மாற்றித் தட்டினார். எண்பது புள்ளி ஒன்று பூஜ்யம்.

"நீங்க சொல்றதுதான் சரி" என்றார். "அந்த வகுப்ப அந்த வகுப்போடதான் ஒப்பிடுறோம். வேற எதையும் ஊகிக்கல. முழு வகுப்புக்கான கட்டளையத்தான் போட்டிருக்கணும். நாப்பது பேர் வகுப்புல ரெண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. அதான் நான் கவனிக்கல."

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. முடிந்தது என்று நினைத்தேன். திங்கட்கிழமை வகுப்பில் அவள் முகத்தைப் பார்த்து என்ன சொல்வேன் என்றுகூட அந்த நிமிடத்தில் யோசித்துவிட்டேன்.

குழுவின் தலைவர் ஜித்ராவில் இருந்தார். செயலாளர் உள்ளே போய் அவருக்குப் போன் செய்தார். நீண்ட நேரம் பேசினார். அவர் குரல் முதலில் விளக்கும் குரலாக இருந்தது. பிறகு "ஆமாங்க, ஆமாங்க" என்பது மட்டும் கேட்டது. திரும்பி வந்தவர் உட்காரவில்லை.

தலைவர் சொன்னதை அவர் ஒளிக்காமல் சொன்னார். முடிவு எல்லாப் பள்ளிகளுக்கும் போய்விட்டது. இப்போது கணக்கை மாற்றினால் சின்ன வகுப்புகள் எல்லாவற்றையும் திரும்பப் பார்க்க வேண்டும். இன்னொரு தோட்டத்துப் பெண்ணும் உள்ளே வருவாள். அதைச் செயலாளரே போட்டுப் பார்த்துச் சொல்லியிருந்தார். மீதி இருந்தது ஒரே ஒரு கட்டில். இரண்டு பேரை எங்கே வைப்பது? அடுத்த வருடத்திலிருந்து சரியான கட்டளையைப் போட்டுக்கொள்ளலாம். இந்த வருடம் அறிவித்த கணக்கு அறிவித்ததுதான். ஆனால் பள்ளியில் மார்க் கூட்டியதில் தப்பு நடந்திருந்தால், திருத்தி அனுப்பினால், அதை மறுபடி பார்ப்பதில் தடை இல்லை.

"எங்க கூட்டல்ல தப்பு இல்ல சார்" என்றேன்.

அவர் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். பழைய கட்டளையையே திரும்பப் போட்டார். நாற்பதை நாற்பத்தாறாக மாற்றினார். நாற்பத்திரண்டையும் நாற்பத்தாறாக மாற்றினார். என் பெண்ணின் எண்பத்திரண்டைத் தொடவே இல்லை. கடைசிக் கட்டத்தில் எண்பத்தொன்று புள்ளி எட்டு எட்டு என்று வந்து நின்றது. கீழே இருக்கும் இருவரை மேலே இழுத்ததும் சராசரி கொஞ்சம் ஏறியது. ஆனால் சிதறல் அதைவிடக் கூடுதலாகச் சுருங்கியது. அவள் தேறிவிட்டாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். அந்த நாற்பது மார்க் யாருடையது என்று எனக்குத் தெரியும். வாசிக்கத் திணறும் பையன். அவன் அந்த நாற்பதை எடுக்க என்ன பாடுபட்டான் என்றும் தெரியும்.

"தப்பு உங்க கட்டளையில இருக்கு. நான் ஏன் சார் பிள்ளைங்க மார்க்க திருத்தணும்?"

"டீச்சர், நீங்க நேர்மையா இருக்கீங்க. எனக்குப் புரியுது. ஆனா கட்டிலு ஒண்ணு இருக்கு."

"நான் சொன்னது சரின்னு நீங்களே சொன்னீங்க."

"சரிதான்" என்றார். "சரியா இருக்கறதுக்குக் கட்டிலு கெடைக்கலியே."

நான் எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் எனக்குக் கோபம்தான் இருந்தது. துக்கம் அப்புறம்தான் வந்தது. என் கணக்கு சரியென்று ஒத்துக்கொண்ட பிறகும் ஒன்றும் அசையவில்லை. அப்படி ஒன்று நடக்க முடியும் என்று எனக்குப் பள்ளியில் யாரும் சொல்லித்தரவில்லை.

தலைமையாசிரியரிடம் நடந்ததைச் சொன்னேன். திருத்தி எழுதுவதில் அவருக்குத் தயக்கம் இல்லை. ஆனால் மார்க் தாளில் வகுப்பாசிரியர் கையெழுத்து வேண்டும். நான் போட மாட்டேன் என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. ஒரு பெருமூச்சு விட்டு, "ஒங்க இஷ்டம்மா" என்று மட்டும் சொன்னார். அவர்தான் போய் அவள் அம்மாவிடமும் சொல்லியிருக்க வேண்டும்.

அந்த அம்மா மறுநாள் மாலை பள்ளிக்கு வந்தார். வேலை முடித்து, குளித்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு உட்காரச் சொல்லக்கூட வாய் வரவில்லை. சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை.

"டீச்சர், எனக்குக் கணக்கு தெரியாது. அந்த ரெண்டு பிள்ளைங்களுக்கும் கொஞ்சம் மார்க்கு கூட்டிப் போட்டா, அவங்களுக்கு எதாச்சும் நட்டமா?"

"இல்லக்கா."

"வேற யாருக்காச்சும்?"

அந்த இன்னொரு தோட்டத்துப் பெண்ணை நினைத்தேன். ஆனால் நாங்கள் விட்டால் கட்டில் அவளுக்குப் போகும் என்றும் இல்லை. தலைவர் அவளையும்தான் மறுத்திருந்தார்.

"அது பொய்க் கணக்குக்கா" என்றேன்.

அவர் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். "அவங்க போட்டது பொய்க் கணக்குன்னு நீங்கதானே சொன்னீங்களாம். அவங்க போட்ட பொய்யில எம் மக வெளிய போயிட்டா. நீங்க ஒரு பொய்யி போட்டா உள்ள வந்துருவா. அவ்ளோதானே டீச்சர்?"

அதற்குப் பதில் இருந்திருந்தால் இத்தனை வருடத்தில் ஒரு தடவையாவது எனக்கு நானே அதைச் சொல்லிப் பார்த்திருப்பேன். அவர் போகும்போது, "நீங்க படிச்சவங்க" என்றார். ஏளனமாகச் சொல்லவில்லை. ஏளனமாகச் சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

கையெழுத்தை நான் போடவில்லை. இன்று அதே தாளை நீட்டினாலும் போடுவேன் என்று சொல்ல முடியாது. அதில் எனக்கு நிம்மதி உண்டா என்று கேட்டால், இல்லை. கட்டில் என்ன ஆனது என்று நான் விசாரிக்கவில்லை.

ஜனவரியில் பள்ளி திறந்து சில நாளில், மத்தியானம் பிள்ளைகள் போன பிறகு அவள் வந்தாள். கையில் ஒட்டுப்பால் வாளி இருந்தது. உடம்பெல்லாம் அந்த நாற்றம். வாளியை வெளியே வைத்துவிட்டு உள்ளே வந்தாள். பழைய இடத்தில் உட்காரவில்லை. என் மேசைக்குப் பக்கத்தில் நின்றாள்.

"டீச்சர், நான் இன்னும் எத்தன எடுத்திருக்கணும்?"

ஒரு மார்க்குக்கும் குறைவாகத்தான் போனது என்று அவள் காதில் விழுந்திருந்தது. எண்பத்து மூன்றா, எண்பத்து நான்கா என்று தெரிந்துகொள்ள வந்திருந்தாள். தேர்வில் எந்தக் கேள்வியில் விட்டாள் என்று அவளுக்கு ஞாபகம் இருந்தது. அதைக்கூடச் சொன்னாள்.

அப்படியில்லை, நீ கூடுதலாக எடுத்தால் சராசரியும் ஏறும், சிதறலும் ஏறும் என்றேன். அவளுக்குப் புரியவில்லை. "சரி, நூறுன்னு வச்சுக்குவோம்" என்று சொல்லி ஒரு தாளை எடுத்தேன். நூறு என்றால் நிச்சயம் தேறியிருப்பாள், அதைக் காட்டி, பக்கத்தில்தான் இருந்தாய் என்று சொல்லலாம் என்று நினைத்தேன். அது ஆறுதலா என்று யோசிக்கவில்லை.

அவளையே போடச் சொன்னேன். எண்பத்திரண்டுக்குப் பதில் நூறு போட்டுக் கூட்டினாள். சராசரி ஐம்பத்தைந்து. நூறு அதற்கு நாற்பத்தைந்து மேலே. மற்றவர்கள் பதினைந்து, பதின்மூன்று, ஒன்பது, ஐந்து, மூன்று கீழே. எல்லாவற்றையும் வர்க்கப்படுத்தினாள். நாற்பத்தைந்தின் வர்க்கத்தை மனதுக்குள்ளேயே போட்டு இரண்டாயிரத்து இருபத்தைந்து என்று எழுதினாள். மொத்தம் இரண்டாயிரத்து ஐந்நூற்று முப்பத்துநான்கு. "அவங்க மாதிரி அஞ்சால வகு" என்றேன். ஐந்நூற்றாறு புள்ளி எட்டு.

வர்க்கமூலம் அவளுக்குத் தெரியாது. அதனால் வேறு விதமாகச் சொன்னேன். இந்த நாற்பத்தைந்துக்குள் இரண்டு திட்டவிலக்கம் அடங்க வேண்டும், அதனால் அதில் பாதியை எடு, இருபத்திரண்டரை. அதை வர்க்கப்படுத்து. அது இந்த ஐந்நூற்றாறு புள்ளி எட்டுக்குச் சமமாகவோ கூடுதலாகவோ வந்தால் நீ உள்ளே.

குனிந்து பெருக்கினாள். நானும் தலைகீழாக அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்நூற்றாறு புள்ளி இரண்டு ஐந்து என்று வந்தது.

அவள் மறுபடி பெருக்கினாள். நானும் தனியாகப் பெருக்கினேன். தப்பில்லை. அந்தக் கட்டளையின்படி நூற்றுக்கு நூறு எடுத்திருந்தாலும் அவளுக்கு இடமில்லை. தேவைப்பட்டிருக்கும் மார்க் நூறுக்கும் ஒரு துளி மேலே. இது அதுவரை எனக்கே தெரியாது. பாக்கார் ஆராங்கில் அந்தத் திரைக்கு முன் உட்கார்ந்து வாதாடியபோது, அவள் ஒரு மார்க்கில் தவறினாள் என்று நம்பித்தான் வாதாடினேன். அந்தக் கூட்டத்தோடு உட்கார்ந்து எழுதிய தேர்வில், அந்த ஐந்து மார்க்குகளுக்கு நடுவில், அவள் எடுக்கக்கூடிய எந்த மார்க்கும் போதாது என்று இப்போதுதான் தெரிந்தது.

அவளுக்கும் புரிந்துவிட்டது. பென்சிலை வைத்தாள்.

"அப்ப நான் தப்பா எழுதுன அந்தக் கேள்விய சரியா எழுதியிருந்தாலும் ஒண்ணும் இல்ல."

"இல்ல."

"எல்லாத்தையும் சரியா எழுதியிருந்தாலும்."

"ஆமா."

"அதான்" என்றாள், தனக்குத்தானே. "நான் ரெண்டு மாசமா அந்தக் கேள்வியையே நெனச்சுகிட்டிருந்தேன் டீச்சர்."

அது நல்லதா கெட்டதா என்று அவள் முகத்தில் எனக்குத் தெரியவில்லை. தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்கிறாள் என்று நினைத்து, எடுத்துக்கொள் என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். கை முழுக்க ஒட்டுப்பால், அழுக்காகிவிடும் என்றாள். வெளியே போய் வாளியைத் தூக்கிக்கொண்டு, மறு கைக்கு மாற்றிக்கொண்டு, நிரைக்குள் போனாள். அம்மா அங்கே காத்துக்கொண்டிருந்தார்.